நண்பர்கள் குழுவில் ஓயாமல் அரசியல் பதிவிடுபவரை எப்படிக் கையாண்டீர்கள்?

மஞ்சக்குப்பத்திலிருந்து

எங்கள் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் 38 பேர் இருக்கிறோம், அட்மின் நான். பாதிப்பேர் கடலூரிலும் மீதிப்பேர் புதுச்சேரியிலும் வசிக்கிறோம். சட்டமன்றமே வேறு வேறு என்பதால், ஒரு பக்கத்தாருக்கு ஊர்ச் செய்தியாகப் படுவது மறுபக்கத்தாருக்கு வம்பாகப் படுகிறது. எங்களில் ஒருவன் நாள்தோறும் பத்துப் பன்னிரண்டு அரசியல் பதிவுகளைப் போட்டுவந்தான். குழுவிலேயே இருமுறை கண்டித்தேன். இரண்டு முறையும் அவனுக்கு ஆதரவாக நான்கு பேர், எதிராக ஐந்து பேர் என்று சண்டை விடியும்வரை நீண்டதுதான் மிச்சம்.

2024 டிசம்பர் 2ஆம் தேதிதான் என்னை உலுக்கியது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்த பிறகு சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீர் தென்பெண்ணையில் பெருகி வந்த நாள் அது. கரையோரத்தில் இருக்கும் தோழி, "தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது, அம்மாவைத் தூக்கிச் செல்ல யாராவது வர முடியுமா?" என்று காலையில் எழுதியிருக்கிறாள். அணையைத் திறந்தது யார் குற்றம் என்று அவன் போட்ட காணொளிகளுக்கும் அவற்றுக்கு வந்த மறுப்புகளுக்கும் இடையில் அந்த ஒரு வரி புதைந்துபோனது. நான் அதைப் பார்த்தபோது ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் அவள் அம்மாவை மாடிக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

மறுவாரம் அவனைச் சில்வர் பீச்சுக்கு அழைத்துப்போய், எதுவும் சொல்லாமல் என் கைப்பேசியைக் கொடுத்து, அவளுடைய செய்தியைத் தேடி எடுக்கச் சொன்னேன். அவன் விரலால் தள்ளித் தள்ளி, தான் போட்டவற்றையே ஒவ்வொன்றாகக் கடந்துபோனான். அந்த வரியை எட்டியதும் நெடுநேரம் பேசவில்லை. அதன்பின் அரசியலைத் தன் ஸ்டேட்டஸில் மட்டும் போடுவதாகச் சொன்னான்; பெரும்பாலும் அப்படியே நடந்துகொள்கிறான். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

லாஸ்பேட்டையிலிருந்து

நீங்கள் பொறுமை காத்தது தவறு, சார். உறுப்பினர் என்ன போட்டாலும் வழக்கு அட்மின் மேல்தான் வரும். அதனால்தான் எங்கள் குழுவில் ஒருவரை அன்றைக்கே நீக்கினேன். அவரோடு மூன்று பேர் வெளியேறினார்கள்.

வில்லியனூரிலிருந்து, வழக்கறிஞர்

முந்தைய பதிவில் பாதிதான் சரி. அட்மின் பெயரையும் வழக்கில் சேர்த்த நிகழ்வுகள் உண்டு. ஆனால் 2021 டிசம்பரில் கரூர் வழக்கறிஞர்கள் குழு தொடர்பான வழக்கில், ஒருவர் அட்மினாக மட்டும் இருந்து வேறெந்தப் பங்கும் வகிக்கவில்லை என்றால் அவர் பெயரைக் குற்றப்பத்திரிகையிலிருந்து நீக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கூறியது. எனவே சிறைக்கு அஞ்சி நண்பரை நீக்க வேண்டியதில்லை.

நீக்கினால், இன்னார் இன்னாரை நீக்கினார் என்ற வரி குழுவில் எல்லோர் கண்ணிலும் படும். அட்மின் ஒரு பதிவை அழித்தாலும் அழித்தவர் பெயர் அங்கேயே நிற்கும். இரண்டுமே ஊரறிந்த கண்டிப்பாகிவிடுகின்றன. தனியாகப் பேசியிருந்தால் இறங்கி வரக்கூடியவர்கூட அதன்பின் மானப் பிரச்சினையாக எடுத்துக்கொள்கிறார். எங்கள் குழுவில் ஒரே ஒரு விதி வைத்தோம்: இரட்டை அம்புக்குறியோடு வரும், பலமுறை பகிரப்பட்ட எதையும் இங்கே போடக் கூடாது, சொல்ல வேண்டியதைச் சொந்த வார்த்தையில் எழுதலாம். ஒரு கட்சியையும் குறிப்பிடாத விதி என்பதால் எந்தத் தரப்பும் மறுக்கவில்லை. எழுத உட்கார வேண்டும் என்றதும் பதிவுகள் வெகுவாகக் குறைந்தன.

நெல்லிக்குப்பத்திலிருந்து

எங்கள் வீட்டுக் குழுவில் என் மாமனாரே இப்படித்தான் போடுகிறார். அவரிடம் யார் சொல்வது? "எப்போதும்" என்று மியூட் செய்துவிட்டேன். நீங்களும் அப்படிச் செய்தால் போதுமே.

மஞ்சக்குப்பத்திலிருந்து

அக்கா, உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் அன்றைக்கு என் தோழியின் செய்தியைப் பலர் பார்க்காமல் போனதற்கு அந்த மியூட்டும் ஒரு காரணம். அவனுடைய தொல்லை தாங்காமல் குழுவையே மியூட் செய்திருந்தவர்கள் 11 பேர் என்று பிறகுதான் விசாரித்து அறிந்தேன்.

வழக்கறிஞர் ஐயா, உங்கள் விதி எங்களிடம் எடுபடுமா என்று ஐயமாக இருக்கிறது. அவன் சொந்தமாக எழுதியவைதான் அதிகம் புண்படுத்தின. அப்படி ஒன்றைப் படித்துவிட்டு வெளியேறிய முத்தியால்பேட்டைத் தோழனை நானும் அவனும் சேர்ந்தே போய் அழைத்தோம். காபி கொடுத்து நன்றாகத்தான் பேசினான், ஆனால் குழுவுக்கு இன்னும் திரும்பவில்லை.