தாத்தா சொன்ன மயக்கமும் நான் எழுதிய மயக்கமும்

மன்னார்குடிப் பெண்:
ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. நர்சிங் சேர்ந்த முதல் வாரமே ஒரு நோட்டு வாங்கி, இடப்பக்கம் இங்கிலீஷ், வலப்பக்கம் தமிழ் என்று எழுத ஆரம்பித்தேன். அதில் 'ட்ரௌசி – மயக்கம்' என்று ஒரு வரி. பல வருஷம் கழித்து, சிங்கப்பூரில் ஒரு ராத்திரி டியூட்டியில் அந்த வரி என்னை மாட்டிவிட்டது.

பாத்ரூமில் விழுந்து தலையில் அடிபட்ட தாத்தா. "மயக்கமா வருதும்மா" என்றார். ட்ரௌசி என்று சார்ட்டில் பதிந்தேன். ட்ரௌசி என்றால் கண் சொக்கும் தூக்கக் கலக்கம்; தலையில் அடிபட்டவருக்கு அப்படி எழுதினால் உள்ளே ரத்தக்கசிவோ என்றுதான் நினைப்பார்கள். டாக்டர் ஓடி வந்தார். தாத்தா கண்ணை நன்றாகத் திறந்து தேதி, இடம் எல்லாம் சரியாகச் சொல்கிறார். எப்போது வருகிறது என்று கேட்டேன். "எந்திரிச்சா வருது." படுக்கவைத்துப் பிரஷர் பார்த்தால் மேல் எண் 138, நிற்கவைத்தால் 108. அவர் சொன்னது தலைசுற்றல், இங்கே எல்லாரும் கிடி என்பார்களே அது. "நான் தப்பா சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டார். அந்த முகம் மறக்கவில்லை.

மறுநாளே நோட்டை மாற்றினேன். நோயாளி சொல்வது, நான் திருப்பிக் கேட்பது, சார்ட்டில் எழுதுவது என்று மூன்று பத்தி. மயக்கத்துக்கு மட்டும் மூன்று கேள்வி: கண் சொக்குகிறதா, தலை சுற்றுகிறதா, நினைவு தப்பியதா?

நெல்லைத் தம்பி:
அக்கா, நோட்டே வேண்டாம். வேர்ச்சொல் போதும். ஹைப்போ என்றால் குறைவு, ஹைப்பர் என்றால் அதிகம், ஐட்டிஸ் என்றால் அழற்சி. 50 வேர் தெரிந்தால் பாதிப் புத்தகம் புரியும். நான் அப்படித்தான் பாஸ் ஆனேன்.

வார்டு அக்கா:
தம்பி, பரீட்சைக்குச் சரி. போனில் ஹைப்போவும் ஹைப்பரும் ஒரே மாதிரி கேட்கும். நான் "சுகர் லோ, 3.1" என்று எண்ணோடுதான் சொல்வேன். இங்கே mmol/L கணக்கு, 4க்குக் கீழே போனாலே குறைவு. ஊரில் mg/dL கணக்கில் 70 என்று படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் வாரம் திணறுவார்கள்.

இன்னொன்று, இங்கிலீஷ் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். நான் 'இலியம்' என்று எழுதிவைத்தேன். குடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம், இங்கிலீஷில் ileum, ilium என்று நடுவில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். விடைத்தாளில் குடலை இடுப்பெலும்பாக்கிவிட்டேன். ஸ்பெல்லிங்கை இங்கிலீஷிலேயே எழுதி, பக்கத்தில் தமிழில் பொருள், ஒரு சின்னப் படம். மூன்றும் வேண்டும்.

ஈசூன் அம்மா:
என் மகள் பாலிடெக்னிக்கில் நர்சிங். இங்கிலீஷ் பிரச்சினையே இல்லை, தமிழ்தான் வராது. ஒரு பாட்டி "நெஞ்சு கரிக்குது" என்றாராம், இவள் புரியாமல் விழித்திருக்கிறாள். அந்த மூன்று பத்தி நோட்டு இவளுக்கும் ஆகுமா?

மன்னார்குடிப் பெண்:
ஆகும் அக்கா, முதல் பத்தியைப் பாட்டிகளிடம் கேட்டே நிரப்பச் சொல்லுங்கள். ஆனால் நெஞ்சு என்று சொன்னால் புளியேப்பம் என்று அவளாக முடிவு செய்யக் கூடாது, உடனே சீனியரிடம் சொல்லட்டும்.

நெல்லைத் தம்பி:
சரி அக்கா, அப்போ 'படபடப்பு' எந்த வரியில் வரும்? இதயத் துடிப்பா, மனப் பதற்றமா?