பழைய பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும் மெயில்: எப்படிச் சுருக்குவது?

வெண்பூ: 2021-ல் எம்.ஏ. மொழியியல் முடித்தேன். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன், கடைசி நாள் டிசம்பர் 15. என் நெறியாளருக்கு எழுதிய மெயில் ஒன்றரைப் பக்கம் வந்துவிட்டது. தொடக்கம்: "தங்களைப் போன்ற ஆசான் கிடைத்தது என் பாக்கியம். இந்த உதவியைத் தாங்கள் மறுக்க மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில்..." அனுப்பலாமா?

தெற்குவாசல்: வேண்டாங்க. "மறுக்க மாட்டீர்கள்" என்றதும் அவருக்கு வழி அடைபட்டுவிடும். மனமில்லாமல் ஒத்துக்கொள்கிறவர் "ஒழுங்காக வகுப்புக்கு வந்தார், நல்ல மாணவி" என்று நாலு வரி எழுதித் தருவார். தேர்வுக்குழு அதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடும். ஆய்வேடு எதைப் பற்றி?

வெண்பூ: கோவைப் பேச்சுவழக்கில் சொல்லிறுதி உகரம்.

உதவிக்கரம்: "நேரமிருந்தால் மட்டும்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சிவி, மார்க்‌ஷீட், ஆய்வேடு எல்லாத்தையும் முதல் மெயிலிலேயே இணைச்சிடுங்க.

தெற்குவாசல்: அந்த வரி பாதிதான் உதவும். நேரமில்லை என்று சொல்வது சுலபம். உங்களைப் பற்றி எழுத விஷயம் போதாது என்பதைச் சொல்லத்தான் கூச்சப்படுவார். இரண்டுக்கும் இடம் விடுங்க. கோப்புகள் அவர் சரி சொன்ன பிறகு போகட்டும்.

> பொருள்: பரிந்துரைக் கடிதம் கேட்டு – எம்.ஏ. மொழியியல் 2021
>
> ஐயா, வணக்கம். 2021-ல் தங்கள் நெறியாள்கையில் கோவைப் பேச்சின் சொல்லிறுதி உகரம் பற்றி ஆய்வேடு எழுதினேன். இப்போது அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறேன். ஒரே கடிதம், டிசம்பர் 15-க்குள் இணையத்தில் பதிவேற்ற வேண்டும்.
>
> நேரம் அமையாவிட்டாலோ, விரிவாக எழுதும் அளவுக்கு என் வேலை நினைவில் இல்லாவிட்டாலோ "இயலாது" என்று ஒரு சொல் போதும் ஐயா. காரணம் வேண்டாம், வேறொருவரைக் கேட்டுக்கொள்கிறேன். இயலுமென்றால் சிவியும் ஆய்வேட்டுச் சுருக்கமும் அனுப்புகிறேன்.

ஐந்தாறு வாரம் முன்னாடியே இது போகணும். இன்னொன்று: அவர் ஒத்துக்கொள்ளும்வரை விண்ணப்பத் தளத்தில் அவர் மெயில் ஐடியைப் பதியாதீங்க. பல தளங்களில் அதைச் சேமித்த உடனே அவருக்குத் தானாக லிங்க் போய்விடும். உங்கள் கடிதத்துக்கு முன் அது போய்ச் சேர்ந்தால், மறுக்க வழிவிட்டதெல்லாம் வீண்.

கடலோரம்: எனக்கு டிரான்ஸ்கிரிப்ட் வரவே ரெண்டு மாசம் ஆச்சு. பேராசிரியர் கையெழுத்து எங்கே வாங்கணும்?

தெற்குவாசல்: அது தேர்வுத்துறை வேலைங்க, பேராசிரியருக்கு அதில் பங்கில்லை. தனி இழை போடுங்க.

உதவிக்கரம்: "இத்தனாம் தேதிக்குள் பதில் இல்லையென்றால் இயலாது என எடுத்துக்கொள்கிறேன்" என்றும் எழுதலாமே? அவர் ஒரு சொல்கூட எழுத வேண்டாம்.

தெற்குவாசல்: எழுதலாம். ஆனால் மெயில் ஸ்பேமில் கிடந்தால் நல்ல கடிதம் ஒன்று கைவிட்டுப் போகும். பத்து நாள் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் போதும் என்பது என் கட்சி.

உதவிக்கரம்: நினைவூட்டலே நெருக்குதல்தானே. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வெண்பூ: ஐயா ஓய்வு பெற்றுவிட்டார், ஜிமெயில்தான் இருக்கு. ஏத்துப்பாங்களா?

தெற்குவாசல்: சில பல்கலைக்கழகங்கள் கல்லூரி ஐடிதான் கேட்கும். ஐயா சரி சொன்னதும் அட்மிஷன் அலுவலகத்துக்கு அவர் ஓய்வு பெற்றதைச் சொல்லிக் கேட்டுவிட்டு, பிறகு பதியுங்க.