கடை வாடகையில வரி கழிக்கிறது பற்றி ஒரு உதவி

வணக்கம் அண்ணாமார் அக்காமார், கிளிநொச்சியில ஏ9 ரோட்டில ஹாட்வெயார் கடை வச்சிருக்கிறன். வாடகை 95,000 ஆ இருந்தது, போன மாசத்தில இருந்து 120,000 ஆக்கிட்டினம். வியாபாரத்துக்கான வாடகை மாசம் ஒரு லட்சத்தைத் தாண்டினா 10 வீதம் கழிச்சு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டவேணும், தாண்டின 20,000 க்கு மட்டும் இல்ல முழுத்தொகைக்கும் எண்டு கணக்குப் பாக்கிற தம்பி சொன்னவர், அப்ப 12,000 கழிச்சு 108,000 தான் வீட்டுக்கார ஐயாவுக்குக் குடுக்கோணும், கழிச்சதை அடுத்த மாசம் 15ம் திகதிக்குள்ள கட்டிப்போடவேணும்.

ஆனா அந்த ஐயா கையில முழுசா 120,000 வேணும் எண்டு நிக்கிறார், ரின் நம்பரும் தரேல்ல. அப்பிடிக் குடுத்தா வாடகையை 133,333 எண்டு கணக்கெடுத்து 13,333 ஐ நான் கட்டோணும் போல, எனக்கு அது தாங்காது. கழிக்காம விட்டா பொறுப்பு என்ர தலையிலதான் வரும். கழிச்சதுக்கு நான் குடுக்கிற சேட்டிபிகேட்டைக் காட்டி அவர் தன்ர வருமான வரியில அந்த 12,000 ஐக் கழிக்கலாம் எண்டு சொல்லியும் நம்புறார் இல்ல.

வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் கடை வச்சிருக்கிற ஆக்கள் இதை எப்பிடிப் பேசி முடிச்சனீங்கள்? வாடகை ஒப்பந்தத்தில என்னெண்டு எழுதினனீங்கள்? 15ம் திகதி கிட்டுது, தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.