பொருள்: ஒரு கடையின் நிறம், எழுத்துரு, வார்ப்புரு மூன்றுக்கும் சேர்த்து ஒரு சொல்

கேட்டவர்
நண்பர்களே, வடிவமைப்பாளரை அமர்த்த வசதியில்லாத சிறு கடைக்காரர்களுக்காக ஒரு கையேடு எழுதி வருகிறேன். 'பிராண்ட் கிட்' என்பதை 'அடையாளத் தொகுப்பு' எனலாமா?

ஆசிரியர் ஒருவர்
'அடையாளம்' என்றதும் அடையாள அட்டைதான் நினைவுக்கு வருகிறது. கடைக்குச் சின்னமே முதன்மை. அது அமைந்துவிட்டால் மற்றவை தாமே அமையும் என்பதால் 'சின்னத் தொகுப்பு' என்பதே பொருந்தும்.

அச்சு வடிவமைப்பில் இருப்பவர்
அடையாள அட்டை பற்றி ஐயா சொல்வது சரி. மற்றவை தாமே அமையும் என்பதை ஏற்க இயலவில்லை. வீட்டில் இட்லிப்பொடி செய்து விற்கும் ஒருவருக்கு நல்ல சின்னம் இருந்தும், சிட்டையில் ஓர் எழுத்துருவும் வாட்சப் அறிவிப்பில் வேறொன்றுமாக, இரண்டும் வெவ்வேறு கடைகளுடையவை போலத் தெரிந்தன. சின்னத்தைத் தொடாமல், அரக்கு #7A1F1F, மஞ்சள் #F2B300, வெள்ளை ஆகிய மூன்று நிறங்களோடு நிறுத்திக்கொண்டோம். வெள்ளையின் மேல் மஞ்சள் எழுத்து ஏறத்தாழ 1.9 மடங்கு ஒளிர்வு வேறுபாடே தருவதால் கண்ணுக்குப் பிடிபடாது. இணையப் பக்கங்களில் சிறிய எழுத்துக்குக் கேட்கப்படும் அளவு 4.5. அதே மஞ்சளைப் பின்னணியாக்கி அரக்கில் எழுதினால் 5.5 கிடைக்கிறது. ஆகவே 'மஞ்சளில் எழுதாதே' என்பதையும் கோப்புறையிலேயே எழுதி வைத்தோம். எழுத்துரு, தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே உள்ள முக்தா மலர். தலைப்புக்குத் தடித்தது, மற்றவற்றுக்குச் சாதாரணம். வார்ப்புருக்கள் சிட்டை, விலைப்பட்டியல், அறிவிப்பு என மூன்றே. அவற்றில் பெயரும் விலையும் மட்டும் மாறும், பிறவற்றைப் பூட்டிவிட்டோம். இதில் விதியும் அடங்குவதால் 'தோற்றத் தொகுப்பு' என்பேன்.

பாத்திரக்கடை வைத்திருப்பவர்
எங்கள் கடைப் பையில் கைப்பேசியில் கண்ட நீலம் ஊதாவாக அச்சாகி வந்தது. இதற்கும் அந்தத் தொகுப்புதான் மருந்தா?

அச்சு வடிவமைப்பில் இருப்பவர்
ஓரளவே, அண்ணாச்சி. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால். பளிச்சென்ற நீலம் மையில் எட்டாது. ஒவ்வொரு நிறத்துக்கும் அச்சுக்குரிய நான்கு மை அளவையும் எழுதி வைத்து, அதே தாளில் ஒரு மாதிரி எடுத்துப் பார்த்த பிறகே மொத்தமாக அச்சிடச் சொல்லுங்கள்.

ஆசிரியர் ஒருவர்
சின்னத்தை முதன்மையாக்கியதை விட்டுவிடுகிறேன். ஆனால் 'தோற்றம்' என்பதற்குப் பிறப்பு என்ற பொருளும் உண்டே. 'கடை தோன்றிய கதை' என்று எவரேனும் கொள்ளமாட்டார்களா?

கேட்டவர்
அந்த ஐயம் எனக்கும் இருக்கிறது. இப்போதைக்குக் கையேட்டில் 'கடையின் தோற்றத் தொகுப்பு' என்று எழுதி, இரண்டு கடைக்காரர்களிடம் படிக்கக் கொடுக்கிறேன். விதிகளை மட்டும் குறிக்க 'தோற்ற விதிகள்' எனத் தனிச்சொல் வேண்டுமா என்பதற்கு யாரும் விடை சொல்லவில்லை.