பழைய மேனேஜருக்கு இப்படி எழுதலாமுங்களா?

வணக்கமுங்க. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். 2018-ல் எனக்கு மேனேஜராக இருந்தவர் இப்போது அவிநாசி பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டீம் நடத்துகிறார். அவர் மாறிப் போனதிலிருந்து பேச்சே இல்லை. அங்கே புது பையர் வந்திருப்பதாக ஒரு டையிங்காரர் சொன்னார், ஆள் எடுப்பார்கள் போல.

எழுதி வைத்திருப்பது இதுதான்:

“சார், நல்லா இருக்கீங்களா? லேப் டிப் திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆச்சே, அந்த நேவி ஆர்டர்ல உங்ககூட இருந்தேன். இப்ப ரெண்டு பையரைத் தனியா பாக்குறேன். உங்க டீம்ல ஆள் தேவைப்பட்டா பத்து நிமிஷம் பேசலாமுங்களா?”

பயோடேட்டாவை இதோடு சேர்த்து அனுப்பலாமா, அவர் கேட்ட பிறகா? வாட்ஸ்அப்பா, லிங்க்ட்இனா? டையிங்காரர் பேரை இழுக்கப் போவதில்லை. எங்கள் ஊரில் காலையில் சொன்னது மதியத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும். ஆள் எடுத்துப் பழகியவர்கள் சொல்லுங்க.