திருக்கோவிலூர் ஏன் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது? எழுத்தர் அனுப்பிய கடிதம் சரியா?

மஞ்சக்குப்பத்தான்: கடலூரில் இருக்கிறேன், சொந்த ஊர் திருக்கோவிலூர். அப்பா 1984-ல் வாங்கிய நிலத்தின் பத்திரத்தில் தென்னாற்காடு மாவட்டம் என்று இருக்கிறது, என் பிறப்புச் சான்றில் விழுப்புரம், பட்டாவில் கள்ளக்குறிச்சி. நிலத்தை விற்கப் போனால் வாங்குபவரின் வங்கி வக்கீல் இந்தப் பெயர் வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்கிறார். மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன். ஓர் எழுத்தர், "1993-ல் தென்னாற்காடு பிரிந்து உங்கள் ஊர் விழுப்புரத்துக்கு வந்தது, 26.11.2019 முதல் கள்ளக்குறிச்சியில் உள்ளது" என்று பதில் போட்டிருக்கிறார். இந்தக் கடிதம் போதுமா? விழுப்புரம்தானே எங்களுக்குப் பக்கம், ஏன் மாற்றினார்கள்?

பண்ருட்டி செல்வம்: போதாது தம்பி. எழுத்தர் கடிதத்துக்கு என்ன மதிப்பு இருக்கிறது? மாவட்டம் மாறினால் பழைய பத்திரம் செல்லாது, புதிய மாவட்டப் பெயரில் திருத்தல் பத்திரம் போட வேண்டும். திருக்கோவிலூர் வட்டம் மொத்தமும் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டது, அதனால் எல்லாருமே போட்டாக வேண்டும்.

ஓய்வுபெற்ற சர்வேயர்: செல்வம் சார், முதல் பாதி சரி, மீதி தப்பு. மாவட்டத்தை மாற்றுவது அரசாணையும் அரசிதழும்தான், எழுத்தர் அதை எடுத்துச் சொல்கிறார், அவ்வளவே. அதற்காகப் பத்திரம் செல்லாமல் போகாது. பதிவான நாளில் இருந்த மாவட்டப் பெயரைத்தானே எழுத முடியும்? புதிய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "முன்பு தென்னாற்காடு மாவட்டம், பின்பு விழுப்புரம், தற்போது கள்ளக்குறிச்சி மாவட்டம், திருக்கோவிலூர் வட்டம்" என்று எழுதினால் போதும்.

அப்புறம் "வட்டம் மொத்தமும்" என்பதும் தப்பு. 1984-ல் திருக்கோவிலூர் வட்டம் பெரிது. அதிலிருந்து பிறகு கண்டாச்சிபுரம் வட்டம் பிரிந்தது, அது விழுப்புரத்திலேயே நின்றுவிட்டது. தென்பெண்ணையைத் தாண்டி அரகண்டநல்லூருக்குப் போங்கள், அது விழுப்புரம் மாவட்டம். திருக்கோவிலூர் ரயில் நிலையமே அந்தக் கரையில்தான் இருக்கிறது. அதனால் பழைய பத்திரத்தின் வட்டப் பெயரை வைத்து இன்றைய மாவட்டத்தைச் சொல்லவே கூடாது, கிராமத்தின் பெயரை வைத்துத்தான் பார்க்க வேண்டும். eservices.tn.gov.in போய் மாவட்டம், வட்டம், கிராமம் என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் கிராமம் எந்த மாவட்டத்தின் கீழ் வருகிறதோ அதுதான்.

பாகூர் வாசி: எங்கள் பாகூரைச் சுற்றிலும் கடலூர் மாவட்டம், ஆனாலும் நாங்கள் புதுச்சேரி. எங்களையும் இப்படி ஒருநாள் கடலூரோடு சேர்த்துவிடுவார்களா?

ஓய்வுபெற்ற சர்வேயர்: அது வேறு விஷயம் ஐயா. புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஒரு மாநிலத்துக்குள் மாவட்டத்தைப் பிரிப்பதை மாநில அரசே செய்யலாம், யூனியன் பிரதேச எல்லையைத் தொட நாடாளுமன்றச் சட்டம் வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான்: சர்வே எண்ணும் மாறியிருக்கிறது, பத்திரத்தில் ஒன்று, பட்டாவில் வேறு. அதுவும் மாவட்டம் மாறியதாலா?

ஓய்வுபெற்ற சர்வேயர்: இல்லை, இங்குதான் பலர் ஏமாந்து போகிறார்கள். மாவட்டப் பெயர் மாறுவதால் சர்வே எண் மாறாது. 1979-க்குப் பிறகு சில ஆண்டுகள் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல கிராமங்களில் எண்கள் மாறின. உங்கள் பத்திரம் அந்தக் காலத்தது. கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேட்டைப் பாருங்கள், பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒரே வரியில் இருக்கும். அதன் நகலை வக்கீலிடம் கொடுங்கள், அவருக்கு மாவட்டக் கடிதத்தைவிட அதுதான் முக்கியம். பரப்பும் நான்கு எல்லையும் பத்திரத்தோடு ஒத்துவராவிட்டால் அப்போது கவலைப்படுங்கள். வில்லங்கம் எடுக்கும்போது சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரைப் பாருங்கள், பதிவு மாவட்டமும் வருவாய் மாவட்டமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

சின்னசேலம் மகள்: "விழுப்புரம்தானே பக்கம்" என்கிறீர்களே அண்ணா, கல்வராயன் மலையில் இருப்பவர் ஆட்சியரைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய் வந்தார். 2011-ல் விழுப்புரம் மாவட்டத்தில் 34 லட்சத்துக்கும் மேல் பேர். எங்களுக்குப் பிரித்தது தேவையாகத்தான் இருந்தது.

மஞ்சக்குப்பத்தான்: உங்கள் மலைக்குத் தனி மாவட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்களை அதில் ஏன் சேர்த்தார்கள் என்பதுதான் கேள்வி. திருக்கோவிலூரில் இருந்து விழுப்புரத்துக்கு நேராக ரயில் இருக்கிறது, கள்ளக்குறிச்சிக்கு பஸ்தான்.

பண்ருட்டி செல்வம்: பத்திரம் விஷயத்தில் என் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் இவர் கேட்பது நியாயம். நாடாளுமன்றத் தேர்தலில் திருக்கோவிலூரும் உளுந்தூர்பேட்டையும் இன்னும் விழுப்புரம் தொகுதிதான். ஓட்டுக்கு ஒரு ஊர், மனுவுக்கு வேறு ஊர்.

சின்னசேலம் மகள்: தொகுதி எல்லை வேறு கணக்கு அண்ணா, அதை வைத்து மாவட்டத்தைக் குறை சொல்லக் கூடாது.

மஞ்சக்குப்பத்தான்: சரி, நாளை ஊருக்குப் போய் அ-பதிவேட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன். ரயிலில்தான் போகிறேன், இறங்குவது அரகண்டநல்லூரில்.