புதுப்பிப்பு: கதவைத் திறந்தும் இருண்டே இருந்த அறை

என் பழைய கேள்வி: "என் 3டி விளையாட்டில், அறையின் பல புள்ளிகளில் ஒளியை முன்பே கணக்கிட்டு வைத்த லைட் புரோப்களில் கதவு திறந்தாலும் அறை இருட்டாகவே இருக்கிறது. இடத்தைச் சிறு கனசதுரங்களாகப் பிரித்து ஒளியை ஓடும்போதே கணக்கிடும் வாக்ஸலுக்கு மாறலாமா?"

மாறிவிட்டேன். 32 மீட்டர் கனசதுரம், 128³ வாக்ஸல். ஒன்று 25 செ.மீ. கதவு திறந்ததும் தரையில் பட்ட வெயில் கூரை வரை ஏறியது. அப்புறம்தான் கவனித்தேன்: கதவை மூடினாலும் சுவரோரம் வெளிச்சம் கசிந்தது.

"256³ போடுங்கள்" என்றார் ஒருவர். பாதி சரி. நினைவகம் 8 எம்பியிலிருந்து 64 எம்பி ஆனது, சுவரை ஒட்டிய கசிவு மட்டும் குறைந்தது. காரணத்தைச் சொன்னவர் இன்னொருவர்: தூரம் போகப் போக, ஒளியைத் தேடிச் செல்லும் கூம்பு அகலமாகி, வாக்ஸல்களைச் சராசரியாக்கிச் சுருக்கிய மேல் மிப் அடுக்கைப் படிக்கிறது, அங்கே ஒற்றை வாக்ஸல் சுவரின் மறைப்பு பாதி, பிறகு கால்வாசி என்று நீர்த்துவிடுகிறது. அவர் சொன்னபடி 128³-க்கே திரும்பி, 10 செ.மீ. சுவருக்குப் பின்னால் வாக்ஸலாக்கத்துக்கு மட்டும் 50 செ.மீ. தடிமனில் கண்ணுக்குத் தெரியாத சுவர் வைத்தேன். கசிவு பெரும்பாலும் போய்விட்டது.

மொபைல் விளையாட்டில் விளக்கு மங்கலாவதைப் பற்றிக் கேட்ட தம்பிக்கு: உங்களுக்கு வாக்ஸல் வேண்டாம். ஒவ்வொரு விளக்குக்கும் புரோப்களைத் தனியாகக் கணக்கிட்டு, பிரகாசத்தால் பெருக்கிக் கூட்டுங்கள்; ஒளி அப்படியே கூடும். கதவுக்கு இது பலிக்காது. திறந்த நிலையையும் மூடிய நிலையையும் கலந்தால், பாதி திறந்த கதவுக்கு முழு அகல வெயில் மங்கலாக விழுகிறது.

ஒன்று மட்டும் பாக்கி. கதவு மெதுவாக நகரும்போது கூரை வெளிச்சம் 25 செ.மீ.க்கு ஒரு முறை துள்ளுகிறது. பல ஃபிரேம்களுக்குச் சராசரி எடுத்தால் துள்ளல் அடங்குகிறது, ஆனால் வெளிச்சம் கதவுக்குப் பின்னால் இழுபடுகிறது.